அடிமரத்துக்கும் ஒரு கோணம்

கல்கத்தா பவானிபூரில் அந்த நாளில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்குள் வைத்தீஸ்வரனை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "மரத்தைச் சாய்ச்சவர்" என்றால் போதும். மரத்தை அவர் சாய்க்கவில்லை, அளந்தார், அவ்வளவுதான். ஆனால் ஊர் வாய்க்கு அளந்தவனும் வெட்டினவனும் ஒன்றுதான். அதில் ஊரைக் குற்றம் சொல்ல முடியுமா என்று அவரே பல தடவை யோசித்ததுண்டு.

மாயவரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். சென்னையில் சர்வே படித்துத் தேறி, இருபத்திரண்டு வயதில் ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கினார். பாலிகஞ்ச் ரயிலடிக்குக் கிழக்கே சதுப்பைத் தூர்த்து, ரோடு போட்டு, மனை பிரித்து விற்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அளவை உத்தியோகம். வாங்கிக்கொடுத்தவர் அங்கே தலைமை டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த ஸ்ரீனிவாசராகவன். ஸ்ரீரங்கத்து மனுஷர், பத்து வயது மூத்தவர். அந்த உபகாரத்தை அவர் வாயால் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லாதபடி நடந்துகொள்வார்.

வைத்தீஸ்வரன் கெட்டிக்காரரா என்றால், கணக்கில் பிழை விடாதவர் என்று சொல்லலாம். அதற்கு மேல் புகழ எனக்கு மனம் வரவில்லை. பிழை விடாதவன் என்ற பெயர் நிலைத்துவிட்டால், அப்புறம் சரிபார்க்கிற வழக்கம் போய்விடுகிறது.

கம்பெனி நிலத்தில் நின்ற மரங்களின் உயரத்தை அளப்பதும் அவர் வேலை. மரத்திலிருந்து கொஞ்ச தூரம் டேப்பை இழுத்துக்கொண்டு போய் நின்று, க்ளினோமீட்டரைக் கண்ணில் வைத்து நுனியைப் பார்க்கவேண்டும். பித்தளைக் குழாய், பக்கத்தில் பாகை குறித்த அரைவட்டம், மேலே ரசமட்டக் குமிழி. குமிழி நடுவுக்கு வரும்போது பாகையைப் படித்து, அந்தக் கோணத்தின் டான்ஜென்டை வாய்ப்பாட்டில் பார்த்து, டேப்பின் நீளத்தால் பெருக்கினால் கண்மட்டத்துக்கு மேலே மரம் எவ்வளவு என்று வரும். கண்ணுக்குக் கீழே உள்ளதற்கு ஐந்தடி. கூட்டினால் உயரம்.

இந்த ஐந்தடிதான் கம்பெனி வழக்கம். கல்கத்தாவில் அது சரியான வழக்கமும்கூட. சாணி மெழுகின கூடம் மாதிரி தட்டையான ஊர். நிற்கிற இடமும் மரத்தின் அடியும் ஒரே மட்டம். கண்ணிலிருந்து தரை ஐந்தடி என்றால் கண்ணிலிருந்து அடிமரமும் ஐந்தடிதான். சரிவான நிலத்தில் அப்படி இல்லை. அங்கே அடிமரத்துக்கும் தனியாக ஒரு கோணம் பார்க்கவேண்டும். அடி கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அதன் அளவைக் கூட்டவேண்டும், மேலே இருந்தால் கழிக்கவேண்டும். சரிவில் கிடக்கிற டேப் காட்டுவது சாய்ந்த தூரம். அதைப் படுக்கை தூரமாகக் குறைத்துக்கொண்டுதான் பெருக்கவேண்டும். வைத்தீஸ்வரனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. பரங்கிமலைச் சரிவில் நாள் முழுக்க நின்று செய்து பழகினவர். ஆனால் எட்டு வருஷம் சரிவையே பார்க்காத மனுஷனுக்குச் சரிவு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும் போலிருக்கிறது.

பாத்ர மாதம், நம் ஆவணி. துர்கா பூஜைக்குள் புது ரோடு ஒன்றைப் போட்டு முடிக்கவேண்டும் என்று எஞ்சினியர் லாசன் துரை துடித்துக்கொண்டிருந்தார். பூஜை கழிந்ததும் மனை வாங்க ஆள் வரும். ரோட்டின் குறுக்கே ஒரு வாகை மரம். கிழக்கே பெரிய குளம், மேற்கே கம்பெனி புதிதாகக் கட்டின மதில், வடக்கே கால்வாயை ஆழப்படுத்தியபோது வெட்டிக் கொட்டின மண்மேடு. தெற்கே மட்டும் வெற்றுத் தரை. அந்தத் தரை முடிகிற இடத்தில் முச்சிகளின் குடிசை வரிசைகள். தோல் பதனிடுகிறவர்கள், மேளம் கட்டுகிறவர்கள். மரத்தடியிலிருந்து முதல் வரிசைக்கு அறுபது அடி. மரம் அதற்குக் குட்டையானால் தெற்கே ஒரே வீச்சாகச் சாய்த்துவிடலாம். நெட்டையானால் ஆள் ஏற்றி, நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கழித்து இறக்கவேண்டும். பூஜைக்குள் ரோடு முடியாது.

அளக்கப்போன அன்று வைத்தீஸ்வரன் செய்திருக்கவேண்டியது சுலபமான காரியம். தெற்கே, மட்டமான தரையில், குடிசைப் பக்கம் போய் நின்று பார்த்திருக்கலாம். அங்கே சுண்ணாம்புத் தொட்டிகளில் தோல் ஊறிக்கொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது. மூக்கை மட்டும் சொல்லிப் பயனில்லை; முச்சிகளின் வாசலில் போய் நின்றுவிட்டு வந்தால் வீட்டில் குளிக்காமல் உள்ளே நுழைய முடியாது, அன்று அவருக்குக் காலையிலேயே லேசாக ஜுரம். "மேட்டிலேருந்து நன்னாத் தெரியறது" என்று டேப் பிடிக்கிற ஆளிடம் சொன்னார். மண்மேட்டின் மேல் ஏறி நின்றார். டேப் சரிவின் வழியாகவே இறங்கி மரத்தின் அடியைத் தொட்டது. எண்பது அடி. நுனிக்குக் கோணம் முப்பது. பெருக்கினால் நாற்பத்தாறு, ஐந்தைக் கூட்டி ஐம்பத்தொன்று.

மேட்டிலிருந்து இறங்கி வரும்போது குடிசைப் பக்கத்திலிருந்து ஒருவன் தூரத்திலேயே நின்று கும்பிட்டான். நிதாய் ரூயிதாஸ் என்று பெயர். பூஜைக்கு அடிக்கிற டாக் என்கிற பெரிய மேளம் கட்டுவதில் அந்த வட்டாரத்திலேயே அவனுக்கு மிஞ்சி ஆள் கிடையாது.

"மாத்ராஜி பாபு, மரம் எங்க மேலே விழுமா?" என்று வங்காளியில் கேட்டான்.

"விழாது. ஒன்பதடி மிச்சம் இருக்கு."

"பாபு சொன்னாச் சரி. இது பூஜை நேரம், வீடு முழுக்க மேளம் கிடக்கு. அதான் கேட்டேன்."

ஸ்ரீனிவாசராகவன் கணக்கை ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். துரையும் போட்டார். மரம் வெட்ட நாள் குறித்தாகிவிட்டது.

வெட்டுவதற்கு முதல் நாள் மத்தியானம், புது ரோட்டுக்கு எடுத்த மட்ட அளவுகளை வைத்து வைத்தீஸ்வரன் நிலத்தின் குறுக்குவெட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தார். மண்மேட்டின் தலை, மரத்தின் அடி. இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. மேடு அடிமரத்தைவிடப் பதினாறரை அடி உயரம். அந்த மேட்டில்தான் அவர் நின்றார். நின்றுகொண்டு ஐந்தடி கூட்டினார்.

ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். சரிவில் எண்பது, படுக்கையாக எழுபத்தெட்டேகால். கண்மட்டத்துக்கு மேலே நாற்பத்தைந்து. கீழே ஐந்தும் பதினாறரையும். ஏறக்குறைய அறுபத்தேழு.

நம்ப மனம் வரவில்லை. க்ளினோமீட்டரை எடுத்துக்கொண்டு ரயிலடி தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போனார். இந்தத் தடவை காற்றும் தெரியவில்லை, வாடையும் தெரியவில்லை. நிதாயின் குடிசை வாசலில், தரையில் காய்ந்துகொண்டிருந்த தோல்களுக்கு நடுவே நின்று நுனியைப் பார்த்தார். குமிழி நடுவுக்கு வந்தது. நாற்பத்தாறு பாகை. வாய்ப்பாடு தேவைப்படவில்லை. நாற்பத்தைந்து என்றாலே நிற்கிற தூரமும் கண்ணுக்கு மேலுள்ள உயரமும் சமம், அது அறுபது. கண்ணுக்குக் கீழே ஐந்தடியைக் கூட்டாமலே மரம் வாசலைத் தொட்டுவிடுகிறது.

திரும்பி வந்து ஸ்ரீனிவாசராகவனைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணா, மரம் அறுபத்தேழு."

"எந்த மரம்?"

"வாகை. நான் மேட்டுல நின்னு பார்த்தேன், மட்டத்துல நின்ன மாதிரி கணக்குப் போட்டுட்டேன். துரை கிட்டச் சொல்லி நாளைக்கு நிறுத்தணும்."

ஸ்ரீனிவாசராகவன் வெற்றிலையை மென்று முடித்தார்.

"ஓய், யார் கையெழுத்துப் போட்டது?"

"நீங்களும்தான்."

"நானும், துரையும். நாளைக்கு விடிஞ்சா கோடாலி. இப்போ போய், 'துரையே, நீர் போட்ட கையெழுத்துத் தப்பு'ன்னு சொல்லச் சொல்றீரா? உமக்கென்ன, பொண்டாட்டி ஒருத்தி. எனக்கு மூணு பொண்ணு."

"குடிசை நசுங்கிடும் அண்ணா."

"நுனி முழுக்கச் சுள்ளி. விழற வேகத்துல மடங்கிப் பொடியாப் போயிடும். வெட்டறவன் அடியிலே ரெண்டடி கட்டையை வேற விடுவான். எட்டினாலும் கூரையிலே நாலு கீத்து போகும். மழைக்காலத்துல அது தானாவே போறதுதானே?"

"துரை கிட்ட நானே போய்ச் சொல்லட்டுமா?"

"சொல்லும். என் கிட்டச் சொன்னதாச் சொல்லாதேயும். எனக்கு ஒண்ணும் தெரியாது."

துரையின் அறைக் கதவு மூடியிருந்தது. வைத்தீஸ்வரன் அதன் எதிரே நின்றார். தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதற்குப் பிற்பாடு அவர் பல காரணங்கள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: துரை பொல்லாதவர், ஸ்ரீனிவாசராகவன் செய்த உபகாரம், சுள்ளி மடங்கினாலும் மடங்கலாம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. கொஞ்சம் உண்மை இருக்கிற காரணங்கள்தான் மனுஷனைக் கெடுக்கின்றன. முழுப் பொய்யென்றால் அவனே நம்பமாட்டான்.

சாயங்காலம் நிதாயைத் தேடிப் போனார். அவன் ஒரு மேளத்துக்குத் தோலை இழுத்து வார் கட்டிக்கொண்டிருந்தான். பூஜைக்குக் கொடுக்கவேண்டிய டாக்குகளெல்லாம் குடிசைக்குள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

"நாளைக்குக் காலம்பற முதல் வரிசை ஜனங்க எல்லாரும் குளத்துக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. மத்தியானம் வரைக்கும்."

நிதாய் வாரை விடாமலே நிமிர்ந்து பார்த்தான். "ஏன் பாபு? விழாதுன்னீங்களே?"

"விழாதுதான். ஒரு ஜாக்கிரதைக்கு."

"அப்போ சாமானையும் எடுத்துடவா? மேளம் இருக்கே."

இந்த இடத்தில் அவர் "எடுத்துடு" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் முதல் வரிசை முழுக்கச் சட்டிபானையும் மேளமுமாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் வெட்டுகிற காண்ட்ராக்டர் பார்ப்பான். ஏன் என்று கேட்பான். கேள்வி துரை வரைக்கும் போகும். ஆட்கள் நகர்ந்தால், வேடிக்கை பார்க்கப் போனார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

"ஆட்கள் போனாப் போதும்" என்றார்.

மறுநாள் காலையில் கயிறு கட்டி இழுத்து வாகையைச் சாய்த்தார்கள். கோடு பிடித்த மாதிரி நேர் தெற்கே விழுந்தது. சுள்ளிகள் மடங்கத்தான் செய்தன. சுள்ளிக்கு உள்ளே தொடை கனத்தில் கிளைகள் இருந்தன, அவை மடங்கவில்லை. நடுவிலிருந்த இரண்டு குடிசைகள் தரையோடு தரையாயின. அதில் ஒன்று நிதாயுடையது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. உள்ளே இருந்த டாக்குகளில் ஒன்றுகூட உருப்படியாக வெளியே வரவில்லை.

துரை விசாரணை வைத்தார். ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான வங்காளிப் பெரிய பாபு மொழிபெயர்த்தார். வைத்தீஸ்வரன் தாம் அளந்த விதத்தைச் சொன்னார்: மேடு, எண்பது, முப்பது, ஐந்து. துரைக்கு முதலில் கோபம் வரவில்லை. ஐந்தடி கூட்டுவது கம்பெனி வழக்கம். வழக்கப்படி செய்த தப்பு. எச்சரித்து விட்டுவிடலாம் என்று சொல்லும் முகமாகத்தான் இருந்தார்.

அப்புறம் நிதாயைக் கூப்பிட்டார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். வைத்தீஸ்வரனுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் பேசினான்.

"இந்த மாத்ராஜி பாபு தெய்வம் மாதிரி ஹுஜூர். முதல் நாள் சாயங்காலமே வந்து, எல்லாரும் வெளியே போயிடுங்கன்னு சொன்னார். அவர் சொல்லலேன்னா என் பெண்டாட்டி பிள்ளைங்க இன்னிக்கு இல்லை."

பெரிய பாபு மொழிபெயர்த்ததும் துரை பென்சிலைக் கீழே வைத்தார். "முதல் நாள் சாயங்காலமேயா? அப்படியானால் இவனுக்கு முன்பே தெரியுமா?"

அந்தக் கேள்வி வங்காளியில் திரும்பி நிதாயின் காதில் விழுந்தது. அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். யோசித்து முடிந்ததும் அவன் முகம் மாறியதை அறையில் எல்லாரும் பார்த்தார்கள்.

"தெரியுமா பாபு?" என்று நேரே வைத்தீஸ்வரனைக் கேட்டான். "தெரிஞ்சுதான் வந்தீங்களா? மேளத்தை எடுக்கட்டுமான்னு நான் கேட்டேனே?"

வைத்தீஸ்வரன் துரையைப் பார்த்து இங்கிலீஷில், "மத்தியானமே தெரிந்தது. ஸ்ரீனிவாசராகவனிடம் சொன்னேன்" என்றார்.

ஸ்ரீனிவாசராகவன் தமிழில், தாழ்ந்த குரலில், ரொம்பப் பரிவாகச் சொன்னார்: "பயத்துல எதையாவது பேசாதேயும் ஓய்." பிறகு துரையிடம் இங்கிலீஷில், தமக்கு இது புதுச் செய்தி என்றார்.

சாட்சி கிடையாது. வராந்தாவில் இருந்தவர்கள் இரண்டே பேர்.

அன்றைக்கே உத்தியோகம் போயிற்று. தப்பாக அளந்ததற்கு அல்ல. தெரிந்தும் கம்பெனிக்கு மறைத்ததற்கு. அவர் அந்தக் குடியிருப்புப் பக்கமே போகாமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால், இரண்டு குடும்பம் செத்திருக்கும், அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும். ஜனங்களைக் காப்பாற்றியது எதுவோ அதுவே அவர் மேல் சாட்சியாக நின்றது. இதில் அநியாயம் இருக்கிறது என்று சில நாள் அவருக்குத் தோன்றும். துரையின் தீர்ப்பில் குறை காண முடியவில்லையே என்று வேறு சில நாள் தோன்றும்.

மனைவி பாகீரதி அதிகம் பேசுகிறவள் அல்ல. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"ஏன்னா, ஆளைக் கிளப்பப் போன இடத்துல மேளத்தையும் எடுத்துண்டு போங்கோன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"காண்ட்ராக்டர் பார்த்துடுவான்."

"பார்த்தா?"

"வேலை போயிடும்."

"இப்போ?"

அவள் எழுந்து அரிசி களையப் போய்விட்டாள்.

இடிந்த இரண்டு குடிசைகளையும் திரும்பக் கட்டக் கம்பெனி அனுமதிக்கவில்லை. ரோட்டுக்கு அருகில் குடிசை இருப்பது அபாயம் என்பதற்கு இந்தச் சம்பவத்தையே காரணம் காட்டி, பூஜை கழிந்ததும் வரிசை முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். முச்சிகள் இன்னும் கிழக்கே போய்விட்டார்கள். டாக்குக்குச் சொல்லி வைத்திருந்த வீட்டுக்காரர்கள் வேறு ஆளிடம் போனார்கள். மறு வருஷமும் அந்த ஆளிடமே போனார்கள். நிதாய் செருப்புத் தைக்க உட்கார்ந்துவிட்டான் என்று வைத்தீஸ்வரன் கேள்விப்பட்டார். போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை கிளம்பி, ரயிலடி வரைக்கும் போய்த் திரும்பினார். போய் என்ன சொல்வது என்பது அவருக்குப் பிடிபடவேயில்லை.

கித்திர்பூரில் ஓர் அரிசி மண்டியில் கடிதம் எழுதுகிற வேலை கிடைத்தது. அதிலேயே காலம் ஓடியது.

மரம் விழுந்த அந்த வருஷமே கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீனிவாசராகவன் வீடு தேடி வந்தார். எதுவுமே நடக்காத மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஓய், துரை ஒரு காரியம் கேட்டிருக்கார். இனிமே மரம் அளக்கறதுக்குச் சரியா ஒரு விதி எழுதணுமாம். அந்த ரெண்டாம் கோணம் விஷயம் நீர்தான் நன்னாச் சொல்வீர். எனக்கு இந்தச் சரிவுக் கணக்கெல்லாம் கொஞ்சம் தகராறு."

சமையற்கட்டில் பாத்திரம் கொஞ்சம் பலமாக விழுந்தது.

வைத்தீஸ்வரன் மறுத்திருக்கலாம். தப்பாகச் சொல்லிக்கூட அனுப்பியிருக்கலாம்; ஸ்ரீனிவாசராகவனால் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த ஆசை ஒரு நொடி வந்தது. ஆனால் தப்பான விதி வேறு யார் கூரைமேலாவதுதான் போய் விழும். அவரையே காகிதம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"எழுதிக்கோங்கோ. டேப் சரிவுல கிடந்தா, சரிவுக் கோணத்தோட கொசைனால பெருக்கி படுக்கை தூரமா மாத்திக்கணும். நுனிக்கு ஒரு கோணம், அடிமரத்துக்கு ஒரு கோணம். ரெண்டோட டான்ஜென்டையும் அந்தப் படுக்கை தூரத்தால பெருக்கணும். அடி கண்ணுக்குக் கீழே இருந்தா ரெண்டையும் கூட்டணும்."

"மேலே இருந்தா?"

"நுனியோடதுலேருந்து அடியோடதைக் கழிக்கணும். அஞ்சடிங்கற பேச்சே கூடாது. ஒரே இடத்துலேருந்து பார்த்து முடிவு கட்டக் கூடாது. ரெண்டு இடத்துலேருந்து பார்த்து ஒத்து வரணும்."

ஸ்ரீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு அட்சரம் பிசகாமல் எழுதினார். "பேஷ், முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணு. அந்த ரெண்டு இடத்துல ஒண்ணு, மரம் எந்தப் பக்கம் விழப்போறதோ அந்தப் பக்கத்துல குடியிருக்கறவா வாசலா இருக்கணும்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஸ்ரீனிவாசராகவன் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. ஒரு கணக்கில் சம்பந்தமில்லாத எண்ணைக் கண்டவர் பார்வை.

"அது கணக்குல வராதே, ஓய்" என்றார்.

"நான் அங்கே போய் நின்னிருந்தா—"

"நீர் போகலை. நானும் போகமாட்டேன், எவனும் போகமாட்டான். அதை எழுதினா துரை சிரிப்பார்."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசற்படியில் செருப்பை மாட்டும்போது, "அதை விட்டுட்டாலும் விதி பூர்ணமாத்தான் இருக்கு, கவலைப்படாதேயும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறு மாதமே கம்பெனிச் சுற்றறிக்கை ஸ்ரீனிவாசராகவன் கையெழுத்தோடு வந்தது. அதில் ஒரு பிழையும் கிடையாது.